என் பாட்டுக்கு அஞ்சரைக் கட்டை

எங்கள் ஊர் மாதா கோயில் தேர் நிலையை விட்டுக் கிளம்புவதற்கு ஒரு முறை இருக்கிறது. சாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்து முடித்ததும் ஆண்கள் வடத்தில் கை வைப்பார்கள். ஆனால் இழுக்க மாட்டார்கள். மாதா பாட்டின் முதல் அடியை ஒரு பெண்குரல் தனியாகப் பாடி முடிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் பேண்டு முழங்கும், தேர் அசையும். அந்தப் பெண்குரல், நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த மறு வருஷத்திலிருந்து என்னுடைய குரல்தான்.

பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகத்தான் சொல்கிறேன் என்று வைத்துக்கொண்டாலும் குற்றமில்லை. மைக் இல்லாத காலத்தில் பாடியிருக்கிறேன். வயிற்றில் பிள்ளையோடு பாடியிருக்கிறேன். எனக்குப் பாட்டுப் புத்தகம் தேவைப்பட்டதில்லை. எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் தேர் தெருமுனைக்குப் போய்விடும் என்பதால் எல்லாமே மனப்பாடம்.

அந்தப் பாட்டு பழைய பாட்டு. எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த நாலைந்து ஊர்களில் மட்டும் பாடுவது. ஐந்து சரணம். ஒவ்வொரு அடியும் நடுவில் ஆரம்பித்து, உச்சிக்கு ஏறி, அங்கே கொஞ்சம் நின்று, அப்புறம் சரசரவென்று இறங்கி, கிணற்றின் கடைசிப் படி மாதிரி ஓர் ஆழத்தில் "எங்கள் தாயே" என்று முடியும். ஏற்றமும் அதிகம், இறக்கமும் அதிகம். அதனால்தான் எல்லாராலும் பாட முடியாது என்பார்கள். எனக்கு அப்படிச் சொல்லக் கேட்பதில் ஒரு சந்தோஷம்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அந்த உச்சியில் என் குரல் உடைந்தது. இரண்டாவது சரணத்திலேயே உடைந்தது. மூன்றாவதில் இருமி மறைத்தேன். நாலாவதில் யாரோ பின்னாலிருந்து சேர்ந்து பாடித் தாங்கிப் பிடித்தார்கள். திருவிழா முடிந்து ஒருத்தர்கூட அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாமல் இருந்ததுதான் எனக்குத் தைத்தது.

போன வருஷம் கொடியேற்றத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது பாடகர் குழுவைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். நல்ல மனசுக்காரர். காப்பியைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்து, மறுபடி எடுத்து, மறுபடி வைத்தார்கள்.

"பாட்டிம்மா, இந்த வருசம் நீங்க கஷ்டப்பட வேணாம்னு பாக்குறேன். திருச்சியில ஸ்டுடியோவுல நம்ம பாட்டை யாரோ பாடிப் பதிஞ்சு வச்சிருக்காங்களாம். பென் டிரைவுல வாங்கியாந்து மைக்ல போட்டுடலாம்."

"தேர் முன்னால டப்பாவைப் பாடச் சொல்லவா சிஸ்டர்?"

"டப்பா இல்ல பாட்டிம்மா, நல்ல குரல்..."

"அந்த நல்ல குரலு வடம் பிடிச்சிருக்கிற ஆம்பளைங்க கண்ணைப் பாத்துப் பாடுமா?"

உள்ளே பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "பென் டிரைவுக்கு இருமல் வராது" என்றார். அவரை நான் திரும்பிப் பார்த்த பார்வையில் பேப்பர் உயர்ந்து முகத்தை மறைத்துக்கொண்டது.

சிஸ்டர் கடைசியில் இப்படிச் சொல்லிவிட்டுப் போனார்கள். திருவிழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பேண்டுக்காரர்களோடு ஒத்திகை. அதில் ஐந்து சரணமும் உடையாமல் பாடினால் என் பாட்டு என்னிடமே இருக்கும். இல்லாவிட்டால் பென் டிரைவ். நியாயமான பேச்சுதான். அதனால்தான் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

எங்கள் கோயிலில் கீபோர்டு வாசிப்பவர் எனக்கு ஒரு வகையில் தங்கச்சி மகன் முறை. திருச்சியில் ஒரு பட்டறையில் வேலை. தினமும் கீரனூர் போய் பஸ் பிடித்துப் போய் வருகிறவர். தலை பாதி நரைத்த மனுஷன், எனக்கு மட்டும் தம்பி. சனிக்கிழமை சாயந்திரம் அவர் வீட்டுக்குப் போனேன்.

"தம்பி, இந்த இருமலுக்கு என்னமாச்சும் மருந்து இருந்தா சொல்லு. பாட்டை நான் பாத்துக்கிறேன்."

"இருமல் இல்ல பெரியம்மா. பாட்டு ஒங்களுக்கு மேல போயிருச்சு. பாட்டைக் கொஞ்சம் எறக்கிக்கிட்டா போதும்."

எனக்குச் சுர்ரென்று வந்தது. இறக்குவதாவது? மெதுவாகப் பாடச் சொல்கிறான் என்றுதான் நினைத்தேன். எங்கள் பக்கத்தில் சத்தத்தையும் சுருதியையும் ஒன்றாகத்தான் பேசுவோம். "மாதா முன்னால மொணமொணன்னு பாடச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்திக்கொண்டே பெட்டியின் சத்தத்தைக் கூட்டினார், குறைத்தார். "இது சத்தம்" என்றார். அப்புறம் பக்கத்துக் கட்டையை அழுத்தினார். "இது சுருதி. சத்தம் ஒங்க இஷ்டம் பெரியம்மா, ஊரே கேக்கப் பாடுங்க. நான் சொல்றது இதை."

பிறகு என்னை நாற்காலியில் உட்கார வைத்து, ஒவ்வொரு கட்டையாகக் கீழே இறங்கி அழுத்தி, கூடவே "ஆ" என்று பாடச் சொன்னார். இறங்க இறங்க எனக்கே ஆச்சரியம். சின்ன வயதில் இல்லாத ஆழமெல்லாம் இப்போது தொண்டையில் இருந்தது. ஓர் இடத்தில் குரல் நின்று வெறும் காற்று வந்தது. அதற்கு முந்தின கட்டையில் அவர் சம்சாரத்தின் ஒட்டுப்பொட்டு ஒன்றை எடுத்து ஒட்டினார். அப்புறம் மேலே ஏறினோம். ஏறும்போது நான் நாடியைத் தூக்கிக் கழுத்து நரம்பு புடைக்க எட்டிப் பிடித்தேன்.

"கழுத்தைத் தூக்காம பாடுங்க பெரியம்மா."

"பிடிச்சிட்டேன்ல?"

"ஒரு தடவை பிடிச்சா பத்தாது. தெருவுல நடந்துகிட்டே அஞ்சு சரணம் பிடிக்கணும். நாடியைக் கீழ வச்சு, மறுபடி பாடுங்க."

நாடியைக் கீழே வைத்தால் அந்தக் கட்டையும் கிடைக்கவில்லை, அதற்குக் கீழேயும் கிடைக்கவில்லை. அதற்கும் கீழே வந்துதான் குரல் நடுங்காமல் நின்றது. அங்கே இன்னொரு பொட்டு.

இப்போது பாட்டை எடுத்து அளந்தார். அதனுடைய மிகத் தாழ்ந்த இடம் "தாயே". மிக உயர்ந்த இடம் உச்சி. இரண்டுக்கும் நடுவில் எத்தனை கட்டை என்று கறுப்பும் வெள்ளையுமாக விரலால் எண்ணினார். என் இரண்டு பொட்டுக்கு நடுவிலும் எண்ணினார். இரண்டும் சரியாக ஒரே அளவு. ஆனால் பாட்டு மேலே தள்ளி உட்கார்ந்திருந்தது, என் குரல் மூன்று கட்டை கீழே உட்கார்ந்திருந்தது.

"பாருங்க பெரியம்மா. பாட்டோட அகலமும் ஒங்க குரலோட அகலமும் ஒண்ணு. மூணு கட்டை எறக்கினா அச்சா பொருந்தும். ஆனா ஒண்ணு, அந்த ஒரே எடத்துலதான் பொருந்தும். கொஞ்சம் இங்கிட்டுப் போனா மேல இடிக்கும். அங்கிட்டுப் போனா கீழ தட்டும்."

"இதுவரைக்கும் எத்தனை கட்டைச் சுருதியில பாடினேன்?"

"ஒண்ணு."

"இனிமே?"

"ஆறு."

எனக்கு உடனே மனசு குளிர்ந்துவிட்டது. ஒன்றிலிருந்து ஆறுக்குப் போனால் ஏற்றம்தானே? வீட்டில் போய் அப்படித்தான் சொல்லவும் செய்தேன். ஒன்றிலிருந்து கீழே இறங்கினால் கீழ் வரிசையின் ஏழு வரும், அதற்குக் கீழே ஆறரை, ஆறு என்று வரும் என்பதை அவர் அப்புறம்தான் சொன்னார். சொல்லாமலே இருந்திருக்கலாம்.

கீபோர்டில் அதற்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை மூன்று தடவை அமுக்கினால், விரல் பழைய இடத்திலேயே ஓடும், சத்தம் மட்டும் மூன்று படி கீழே வரும். பாடிப் பார்த்தேன். உச்சிக்கு ஏறினேன், அங்கே நின்றேன், வெளியே தெருவைப் பார்த்துக்கொண்டே நின்றேன். "தாயே" அடியில் போய் லேசாக அமர்ந்தது. ஐந்து சரணமும் முடிந்தபோது எனக்கு மூச்சு வாங்கவில்லை. அவர் சம்சாரம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அத்தை பாட்டா அது?" என்றது. இரண்டு வாரமும் அப்படியே பாடிப் பழகினேன். மாட்டுக்குத் தண்ணி காட்டும்போதுகூட ஆறு கட்டைதான்.

நாங்கள் இரண்டு பேரும் ஒன்றை மட்டும் மறந்துவிட்டோம். பேண்டுக்காரர்களுக்குச் சொல்லவில்லை. தம்பிக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பொத்தான் இருக்கும் என்ற நினைப்பு. எனக்கு, என் குரல் எங்கே போகிறதோ அங்கே மேளம் வரும் என்ற நினைப்பு.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கோயில் முற்றத்தில் ஒத்திகை. தேர்க்கொட்டகையில் ஆண்கள் தேருக்கு வர்ணம் அடித்துக்கொண்டும் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டும் இருந்தார்கள். பேண்டு குன்றாண்டார்கோவில் பக்கத்திலிருந்து வருகிற குழு. கல்யாணம், காதுகுத்து, அம்மன் கோயில், எங்கள் கோயில், எல்லாம் அவர்கள்தான். அதில் கிளாரினெட் வாசிப்பவர்தான் தலை. அறுபது வயசு இருக்கும், என்னை அக்கா என்பார். எங்கள் பாட்டை என்னளவுக்குத் தெரிந்தவர்.

நான் முதல் அடியைப் பாடினேன். அருமையாகப் போய் இறங்கியது. சிஸ்டர் முகம் மலர்ந்தது. அடுத்த நொடி பேண்டு எடுத்தது, பழைய ஒரு கட்டையில். கீபோர்டு ஆறில், பேண்டு ஒன்றில். நான் இரண்டாவது அடியை எடுக்க வாயைத் திறந்தால் எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. ட்ரம்பெட்டுக்காரர் ஊதிக்கொண்டே கண்ணை உருட்டினார். பூசை உடுப்பை மாற்றிக்கொண்டிருந்த சாமியார் அதே கோலத்தில் சக்கரீஸ்து அறைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

கிளாரினெட்டுக்காரர் குழலை வாயிலிருந்து எடுத்தார். "அக்கா, நீங்க எந்த ஊருக்குப் போறீங்க? நாங்க எந்த ஊருக்கு வாரோம்?"

தம்பி ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னார். அவர் தலையைச் சொறிந்தார்.

"ஆறா? ஆறுல எங்களுக்கு விரல் ஒட்டாது தம்பி. ஒன் பெட்டிக்குப் பொத்தான் இருக்கு. என் குழலுக்கு விரல்தான் இருக்கு. ஆறுல வாசிச்சா சாவியெல்லாம் குறுக்க நெடுக்க அமுக்கணும். ஒக்காந்து வாசிக்கலாம். குண்டும் குழியுமா இருக்கிற தெருவுல நடந்துகிட்டு வாசிச்சா, நான் ஒரு பக்கம் போவேன், ட்ரம்பெட்டு ஒரு பக்கம் போகும்."

"அப்ப எதுல ஒட்டும்ண்ணே?"

"அரைக் கட்டை ஏத்தி ஆறரை குடு, கண்ணை மூடிக்கிட்டு வாசிக்கிறேன். இல்ல அரைக் கட்டை எறக்கி அஞ்சரை குடு. அதுவும் வாசிப்போம். ரெண்டுக்கும் நடுவுல மட்டும் எங்களை நிறுத்தாத."

அரைக் கட்டை என்றால் பெட்டியில் பக்கத்துக் கட்டைதானே என்று எனக்குத் தோன்றியது. ஆறரை என்று உடனே சொன்னேன். மேலே இருப்பதுதான் என் பாட்டுக்கு அழகு. முதல் சரணம் நன்றாகவே போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதில் என்னை அறியாமல் நாடி தூக்கிக்கொண்டது. நாலாவதில், அதே உச்சியில், அதே மாதிரி உடைந்தது.

சிஸ்டர் கையிலிருந்த கைப்பையைப் பார்த்தார்கள். அதற்குள் அந்தப் பென் டிரைவ் இருந்தது எனக்குத் தெரியும்.

"அஞ்சரையும் பாத்துருவோம்" என்றேன். குரல் கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் வந்தது.

அஞ்சரையில் உச்சி பஞ்சு மெத்தை மாதிரி இருந்தது. நாடி அசையவில்லை. அங்கே நின்று ஒரு சுழற்று சுழற்றிக்கூட இறங்கினேன், சின்ன வயசில் செய்கிற மாதிரி. கிளாரினெட்டுக்காரர் "ஆகா" என்று தலையாட்டினார். அப்படியே சரசரவென்று இறங்கி "எங்கள்" என்றேன். அடுத்து "தாயே" என்று வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. பொட்டுக்குக் கீழே ஒரே ஒரு கட்டை. அந்த ஒரு கட்டை என்னிடம் இல்லை.

நான் அப்படியே நிற்கிறேன். அப்போது தேர்க்கொட்டகையிலிருந்து, வர்ணம் அடித்துக்கொண்டிருந்த ஏழெட்டு ஆண்கள், ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல், பிரஷ்ஷைக் கீழே வைக்காமல், "தாயே" என்று இழுத்து முடித்தார்கள். அத்தனை வருஷம் கேட்ட பாட்டு. பாதியில் நின்றால் யாருக்கும் பொறுக்காது இல்லையா? வாய் தானாகப் போட்டுவிட்டது. எனக்கு எட்டாத ஆழம் அவர்களுக்கு நடுக்குரல். வயிற்றுக்குள்ளிருந்து அகலமாக வந்தது.

கிளாரினெட்டுக்காரர் குழலால் கொட்டகையைக் காட்டினார். "இதான்! அக்கா, அந்த வாலை அவங்ககிட்ட விட்டுருங்க."

"என் பாட்டை எதுக்கு அவங்ககிட்ட விடணும்? டீ குடிச்ச வாயோட, வர்ணம் அடிச்ச கையோட."

கொட்டகையிலிருந்து என் வீட்டுக்காரர் குரல் வந்தது. அவரும் அங்கேதான் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். "ஏத்தா, இத்தனை வருசமா நீ பாடி முடிக்கிற வரைக்கும் வடத்தைப் பிடிச்சுக்கிட்டுச் சும்மாதான நிக்கிறோம். கையிலதான் வேலை, வாய் சும்மாதான் கெடக்கு."

"ஒங்களுக்குச் சுருதி தெரியுமா?"

"தெரியாது. வாலுதான, நீ விட்ட எடத்துல பிடிச்சுக்கிறோம்."

சிரித்தார்கள். சிஸ்டரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, யோசனை வந்தது. ஆறு கட்டையில் பாட்டு முழுசும் எனக்குப் பொருந்தும், பேண்டுக்குப் பொருந்தாது. ஆறரையில் பேண்டுக்குப் பொருந்தும், உச்சி எனக்குப் பொருந்தாது. அஞ்சரையில் எல்லாம் பொருந்தும், ஒரு வார்த்தையைத் தவிர. உச்சியை யாருக்கும் கொடுக்க என்னால் முடியாது. உச்சியைக் கொடுத்தால் பாட்டையே கொடுத்த மாதிரி. வால் வேறு. அதுவும் பென் டிரைவுக்குக் கொடுப்பதற்குப் பதில், வடம் பிடிக்கிறவர்களுக்குக் கொடுக்கலாம்.

"சரி. ஆனா நான் 'எங்கள்'னு சொல்லி முடிச்சப்பறம்தான் எடுக்கணும். முன்னால யாரும் முந்தக் கூடாது" என்றேன்.

"உத்தரவு" என்றார் என் வீட்டுக்காரர்.

அப்படியே ஐந்து சரணமும் பாடினோம். நாலாவதில் உச்சி நின்றது. ஐந்தாவதில் வேண்டுமென்றே கொஞ்சம் அதிகமாக நிறுத்தினேன். சிஸ்டர் பையை மூடிக்கொண்டார்கள்.

திருவிழா அன்று விளக்கு வைக்கிற நேரம். ஜெகதாப்பட்டினத்தில் கட்டிக்கொடுத்திருக்கிற என் மகள் குடும்பத்தோடு வந்திருந்தாள். அவள் மைக்கை என் கையில் கொடுத்து, "ஆத்தா, தண்ணி குடிச்சியா?" என்றாள். தலையை மட்டும் ஆட்டினேன். சாமியார் தீர்த்தம் தெளித்தார். ஆண்கள் வடத்தில் கை வைத்தார்கள், நான் வடத்துக்கு முன்னால் அவர்களைப் பார்த்து நின்றேன். கீபோர்டும் ஜெனரேட்டரும் குட்டியானை வண்டியில் ஏறி முன்னால் நின்றன. தம்பி ஒரே ஒரு கட்டையை அழுத்திச் சுருதி காட்டினார்.

நான் எடுத்தேன். ஏறினேன். நின்றேன். இறங்கி "எங்கள்" என்று விட்டேன்.

ஒரு கணம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் வடத்தின் முன்வரிசையிலிருந்து "தாயே" வந்தது, அதன் பின்னால் நடுவரிசையின் "தாயே", அதற்கும் பின்னால் கடைசி வரிசை. வடம் நீளம். என் குரல் கடைசி ஆள் காதுக்குப் போய்த் திரும்ப நேரம் ஆகும் என்று ஒத்திகையில் யாருக்கும் தோன்றவில்லை. ஒரே வார்த்தை அலை மாதிரி என்னை நோக்கி உருண்டு வந்து அடங்கியது. அது அடங்கும்வரை கிளாரினெட்டுக்காரர் குழலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு அஞ்சரைக் கட்டையில் பேண்டு எடுத்தது. அந்த முழக்கத்தோடு சேர்ந்தே வடம் இறுகி, தேர் அசைந்தது.

இரண்டாவது சரணத்துக்குள் எனக்குப் பழகிவிட்டது. விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருக்கிற நேரத்தில் நல்லதாக ஒரு மூச்சு எடுத்துக்கொள்ளலாம். முன்னால் எல்லாம் "தாயே" பாடித் தீர்ந்த மூச்சோடு அடுத்த ஏற்றத்துக்கு ஓடுவேன். இப்போது அடுத்த ஏற்றத்துக்கு நெஞ்சு நிறையக் காற்று இருந்தது. ஐந்து சரணம் முடிந்து தெருமுனையில் தேர் திரும்பும்போது, நான் யாரும் கேட்காமலே முதல் சரணத்தை மறுபடி எடுத்தேன்.

நடுவில் ஒரு தடவை தெற்குத் தெருவில் இரண்டு மூன்று பேர் "எங்கள்"ளுக்கு முன்னாலேயே "தாயே" போட்டுவிட்டார்கள். அதில் ஒரு குரல் என் வீட்டுக்காரருடையது. அதை அன்று இரவு சாப்பாடு போடும்போது நினைவுபடுத்தினேன்.

"உணர்ச்சிவசப்பட்டுட்டேன் ஆத்தா" என்றார்.

இந்த வருஷம் யாரும் பென் டிரைவ் பேச்சை எடுக்கவில்லை. அதற்குப் பதிலாகச் சிஸ்டரிடம் பெண்கள் கூட்டமாகப் போய், "தாயே" ஆண்களுக்கு மட்டும்தானா என்று கேட்டிருக்கிறார்கள். கீழே எட்டுகிறவர்கள் பாடட்டும் என்று சொல்லி அனுப்பினேன். மூன்று பேருக்குத்தான் எட்டியது.

போன மாசம் கிளாரினெட்டுக்காரரைக் கீரனூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். குழல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒங்களால எனக்கு ஒரு வம்பு. பக்கத்து ஊரு திருவிழாவுலயும் இந்தப் பாட்டுத்தான. விரலு பழகிப்போயி அஞ்சரையில எடுத்துட்டேன். அங்க பாடுற பொம்பளை சின்ன வயசு, கீச்சுக்குரல். 'என்ன மாமா, பாதாளத்துல எடுத்துட்டீங்க, எனக்கு அடி எட்டலை'ன்னு ஒரே சத்தம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பெரியக்கா பாட்டு அஞ்சரையிலதாம்மா இருக்குன்னேன்."

டீக்கு நான் காசு கொடுத்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். அந்தப் பெண் அவளுக்குத் தோதான கட்டையை அவளே தேடிக்கொள்ளட்டும். தம்பியிடம் போனால் பொட்டு ஒட்டிப் பார்த்துச் சொல்லுவார். நான் வேண்டுமானால் வழி சொல்லுகிறேன்.